பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு: பைத்தான் வீட்டுப்பயிற்சி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இந்த வாரம் வந்த பைத்தான் பயிற்சிகளில் பாதி, எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி இருந்தன. வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதை மற்றவர்கள் அப்படியே எழுதியிருக்கிறார்கள். திட்ட வேண்டாம். இந்த முறை இதைச் செய்யச் சொல்லுங்கள்: ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் அச்சிட வேண்டும்.

```python
for i in range(1, 20):
    print(i)
```

இதை ஓட்டினால் 19-உடன் நின்றுவிடும். இருபதாவது வளைவு எங்கே போனது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஓட்டுவதற்கு முன்பே என்ன வரும் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படிக்கட்டும்.

நண்பனிடம் கேட்கலாம், தவறில்லை. கேட்ட பிறகு நோட்டை மூடிவிட்டுத் தானே தட்டச்சு செய்ய வேண்டும். உங்களுக்குப் பைத்தான் தெரிய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு வரியைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று கேளுங்கள், போதும்.

கணினி இல்லாத வீடுகளில் தாளில் எழுதினாலே சரி, ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அரைகுறையாக இருந்தாலும் சொந்தமாக எழுதியதற்கே மதிப்பெண். திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை,
சேலம்