சிஓடி பணம் உரிய நாளில் வந்து சேராதது குறித்து

இளம்பிள்ளை,
12.11.2025

அனுப்புநர்:
க. மகேஸ்வரி,
சேலை வியாபாரம்,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சிஓடி கணக்குப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 22.09.2025 முதல் 18.10.2025 வரை டெலிவரி ஆன பார்சல்களுக்கு வரவேண்டிய ரூ.1,18,620 பாக்கி.

ஐயா,

வணக்கம். இளம்பிள்ளையிலிருந்து வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர் எடுத்துச் சேலை விற்கிறேன். சென்ற ஆண்டு முதல் உங்கள் நிறுவனம் மூலமாகத்தான் பார்சல் அனுப்புகிறேன். பார்சல் டெலிவரி ஆன 7 நாட்களுக்குள் சிஓடி பணத்தை என் வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். ஆகஸ்ட் வரை ஒரு நாள் இரண்டு நாள் முன்பின்னாக வந்தாலும் பணம் வந்துவிடும். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தீபாவளி வியாபாரம் சூடுபிடித்த பிறகுதான் எல்லாம் மாறிப்போனது.

கணக்கு இதுதான். செப்டம்பர் 22 முதல் 30 வரை டெலிவரி ஆனவை 41 பார்சல், ரூ.36,490. அக்டோபர் 1 முதல் 10 வரை 58 பார்சல், ரூ.53,860. அக்டோபர் 11 முதல் 18 வரை 73 பார்சல், ரூ.68,270. மொத்தம் 172 பார்சலுக்கு ரூ.1,58,620. கடைசிப் பார்சலுக்கே அக்டோபர் 25-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. இதில் அக்டோபர் 29 அன்று ரூ.40,000 மட்டும் என் கணக்கில் வரவானது. அது எந்தெந்தப் பார்சலுக்கான பணம் என்று பட்டியல் எதுவும் வரவில்லை. முழு எண்ணாக நாற்பதாயிரம் வந்ததைப் பார்த்தாலே தெரிகிறது, பார்சல் வாரியாகக் கணக்குப் பார்த்து அனுப்பிய தொகை இல்லை அது. மீதி ரூ.1,18,620 இன்று வரை வரவில்லை.

சேலம் கிளையில் கேட்டால் "ஹெட் ஆபீஸ்லேர்ந்து வரணும்மா" என்கிறார்கள். கஸ்டமர் கேரில் புகார் பதிந்தால், இரண்டு நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. பணம் மட்டும் வருவதில்லை. ஒருமுறை, பண்டிகை விடுமுறையால் வங்கி வேலை செய்யவில்லை என்று காரணம் சொன்னார்கள். நெஃப்ட் வசதி 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, பண்டிகை உட்பட எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்தக் காரணத்தை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்கள் ஊழியர்களிடம் சொல்லிவையுங்கள்.

ஒரு பார்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு சேலை, ரூ.1,650. அக்டோபர் 3 அன்று டெலிவரி ஆனதாக உங்கள் டிராக்கிங்கே காட்டுகிறது. ஆனால் உங்கள் சிஓடி அறிக்கையில் "பணம் வரவில்லை" என்று இருக்கிறது. அந்த அம்மாவிடம் கேட்டேன். சில்லறை இல்லை என்று சொல்லி டெலிவரி பையன் தன் போனில் இருந்த க்யூஆரைக் காட்டியிருக்கிறார், இவர் ஸ்கேன் செய்து ஜிபேயில் அனுப்பியிருக்கிறார். பணம் போன ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிவைத்தார். அதில் பெறுநராக இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனிநபரின் பெயர். மற்ற பார்சல்களில் எத்தனை இப்படிப் போயிற்றோ, அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டார், சேலையை வாங்கிக்கொண்டார். அதற்குமேல் உங்கள் ஆளிடமிருந்து வசூலிப்பது உங்கள் பொறுப்பு, அதைச் சாக்காக வைத்து என் பணத்தை நிறுத்த முடியாது.

இதில் 'ரிட்டர்ன்' கணக்கை நான் சேர்க்கவில்லை. வாடிக்கையாளர் வாங்காத 7 பார்சல் அக்டோபர் முதல் வாரத்திலிருந்து "திரும்பி வருகிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. பணமும் இல்லை, சரக்கும் இல்லை. தீபாவளிக்கு முன்பே கைக்கு வந்திருந்தால் அந்தச் சேலைகளை வேறு ஆர்டருக்கு அனுப்பியிருப்பேன்.

இவ்வளவுக்கும் நடுவில், உங்கள் அக்டோபர் மாத பில் ரூ.14,210-ஐ ஐந்து நாள் தாமதமாகக் கட்டினால் பிக்கப் நிறுத்தப்படும் என்று நவம்பர் 6 அன்று மின்னஞ்சல் அனுப்பினீர்கள். மறுநாளே பிக்கப் வண்டி வரவில்லை. என் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாலாயிரத்துக்காக என் வியாபாரத்தை நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்? உங்கள் பில்லைக் கழித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. கழித்ததை எழுத்தில் காட்டிவிட்டு மீதி ரூ.1,04,410-ஐ அனுப்புங்கள்.

சிஓடி பணம் நீங்கள் எனக்குத் தரும் கட்டணமோ கடனோ இல்லை. என் சேலைக்கு என் வாடிக்கையாளர் கொடுத்த பணம், அதை வாங்கி வருவதற்குத்தான் பார்சலுக்கு இவ்வளவு என்று தனியாகக் கூலி கொடுக்கிறேன், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டுகிறேன். ஒருவருக்காக வாங்கிய பணத்தில் தனக்குச் சேரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவரிடம் ஒப்படைக்க ஏஜென்ட் கடமைப்பட்டவர் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 217, 218-ஆம் பிரிவுகள் சொல்வதாக என் ஆடிட்டர் எடுத்துக்காட்டினார். உங்கள் சட்டப் பிரிவிடமும் கேட்டுப் பாருங்கள்.

என் தொழிலில் பணம் நிற்காமல் சுற்ற வேண்டும். தறிக்காரர்களிடம் சேலை எடுத்தால் அந்த வாரக் கடைசியிலேயே பணம் கொடுத்தாக வேண்டும். அவர்களும் சனிக்கிழமை தறி ஓட்டுகிறவர்களுக்குக் கூலி பட்டுவாடா செய்ய வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, வரவேண்டிய பணம் வராததால் வளையலை அடகு வைத்துத்தான் அவர்களுக்குக் கொடுத்தேன். அந்த வட்டி மாதாமாதம் ஓடுகிறது. சிஓடியை நிறுத்திவிடலாம் என்று சொல்வது சுலபம். முன்பின் தெரியாத ஒரு போன் நம்பருக்கு முன்பணம் அனுப்பப் பலர் தயங்குகிறார்கள், சேலையைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் பணம் தருவார்கள். என் ஆர்டரில் பாதிக்கு மேல் அப்படி வருபவைதான்.

ஆகவே, 19.11.2025-க்குள் மேற்படி பாக்கி முழுவதையும் என் கணக்கில் செலுத்த வேண்டும். ஏற்கெனவே வந்த ரூ.40,000 உட்பட, ஒவ்வொரு பார்சலின் டிராக்கிங் எண், டெலிவரி தேதி, தொகை, யுடிஆர் எண் இருக்கும் பட்டியலையும் அனுப்புங்கள். தூத்துக்குடி விவகாரத்தில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். ரிட்டர்ன் பார்சல் ஏழும் வந்து சேர வேண்டும், காணாமல் போயிருந்தால் அதற்கான விலையைத் தர வேண்டும். பிக்கப்பை உடனே திறந்துவிடுங்கள். அப்புறம், கஸ்டமர் கேர் நம்பருக்குப் பதிலாக, என் கணக்கைப் பார்க்கும் ஒருவரின் பெயரையும் நேரடி எண்ணையும் கொடுங்கள்.

அந்தத் தேதிக்குள் பணமும் பதிலும் வராவிட்டால், வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அடகு வட்டியையும் சேர்த்துக் கேட்பேன். அதுவரை உங்கள் அறிக்கைகளையும் மின்னஞ்சல்களையும் தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
க. மகேஸ்வரி

இணைப்பு: 172 பார்சல்களின் பட்டியல், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வங்கிக் கணக்கு விவரம், தூத்துக்குடி வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், 7 ரிட்டர்ன் பார்சல்களின் டிராக்கிங் பக்கங்கள், நம் ஒப்பந்தத்தின் நகல்.

நகல்: கிளை மேலாளர், சேலம்.