பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா, பூண்டி: ஒரு சுற்று

குமார், சுமதி,

ஜனவரி கடைசி சனி, ஞாயிறு போகப் போற வழியை முழுசா எழுதிட்டேன். ஊர் போய்ச் சேரணும்னு இந்தப் பயணம் இல்லை. வண்டியில உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே போறதுதான் லீவு. அதனால போன வழியில திரும்பி வர்றதை முடிஞ்ச அளவு குறைச்சிருக்கேன். மொத்தம் 300 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல வரும். மாமாவும் நீயும் மாத்தி மாத்தி ஓட்டுங்க.

சனிக்கிழமை காலை 5.30க்குத் தண்டையார்பேட்டையில கிளம்பறோம். கன்டெய்னர் லாரி வரிசை கட்டறதுக்குள்ள திருவொற்றியூரைத் தாண்டிடணும். மணலி புதுநகரைத் தாண்டினதும் கொசஸ்தலை ஆத்துப் பாலம் வரும். பசங்களை எழுப்பிக் காட்டுங்க, இதே ஆத்தை மறுநாள் வேற இடத்துல பார்க்கப் போறோம். மீஞ்சூர்லயே டேங்கை நிரப்பிடு, ஆந்திராவுல பெட்ரோல் விலை அதிகம். டிபன் பொன்னேரியில.

பழவேற்காட்டுல முதல்ல டச்சுக் கல்லறை. 1600கள்ல இங்க கோட்டை கட்டி வியாபாரம் பண்ணவங்களோட இடம். வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்டைக் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. பசங்க அங்கேயே நின்னுடுவாங்க, இழுக்காதீங்க. உள்ளே கிடக்கிற கல்லுங்கள்ல எழுத்தும் குடும்பச் சின்னமும் அவ்வளவு நுணுக்கமா இருக்கும், கிட்ட குனிஞ்சு பாருங்க. பனை ஓலைப் பெட்டி அம்மாவுக்கு அங்க வாங்கலாம். படகு மட்டும் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் போன ஏரி அது. கரையில இருந்தே போதும்.

மத்தியானம் தச்சூர் கூட்ரோடு வழியா கல்கத்தா ஹைவேயைப் பிடிச்சு, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்பேட்டை. இந்தத் துண்டுல பார்க்க ஒண்ணும் இல்லை, தூங்கறவங்க தூங்கலாம். லாட்ஜ்ல பையை வெச்சிட்டு 3.30க்குத் திரும்பக் கிளம்பணும், இதுல தாமதமே கூடாது.

ஏன்னா இந்தப் பயணமே அந்த ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுக்காகத்தான். ஊரைத் தாண்டினதும் ரோடு பழவேற்காடு ஏரிக்குள்ளயே இறங்கிடும். ரெண்டு பக்கமும் தண்ணி, சில இடத்துல உப்புப் பூத்த சேறு. கிழக்கே போறதால சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் விழும், எதிர்ல நிக்கிற பறவை மேல நேரா வெளிச்சம் அடிக்கும். பூநாரை அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு வடிகட்டித்தான் தின்னும். அது தலையைத் தூக்கிறதுக்குப் பொறுமையா காத்திருக்கணும். பைனாகுலர் கட்டாயம். வண்டியை நல்லா ஓரங்கட்டி, ஹாரன் அடிக்காம நிக்கணும். இஸ்ரோ கேட் வரைக்கும்தான் போக முடியும், அங்கிருந்து திரும்பிடலாம். திரும்பும்போது சூரியன் கண்ணுல அடிக்கும், ஓட்டுறவங்க கூலிங்கிளாஸ் எடுத்துக்கோங்க. அந்த வாரம் ராக்கெட் விடுறாங்களான்னு வெள்ளிக்கிழமையே பார்த்துச் சொல்றேன். இருந்தா அந்த ரோட்டுல நகர முடியாது, வேற வாரம் மாத்திடலாம்.

ஞாயிறு விடிஞ்சதும் வடக்கே நேலப்பட்டு. கூழைக்கடா கூடு கட்டற ஏரி. தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்ல ஒரே மரத்துல பல கூடு இருக்கும், குஞ்சு தாயோட தொண்டைப் பைக்குள்ள தலையை விட்டு மீன் எடுக்கிறது தெரியும். அம்மாவால காட்சிக் கோபுரம் ஏற முடியாது. கரையில நாற்காலி போட்டுடலாம், டிக்கியில மடக்கு நாற்காலி வெச்சிடு.

அப்புறம் தடாவுக்குத் திரும்பி மேற்கே சத்தியவேடு ரோடு. ஸ்ரீசிட்டி ஃபேக்டரிங்க முடிஞ்சதும் தோப்பும் வயலும்தான். மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள சுருட்டப்பள்ளி போயிடணும். விஷம் குடிச்ச களைப்புல சிவன் அம்பாள் மடியில தலை வெச்சுப் படுத்திருக்கிற கோயில். அம்மா ரொம்ப நாளா கேட்டது இதைத்தான், அவசரப்படுத்தாதீங்க. சாப்பாடு ஊத்துக்கோட்டையில.

அங்கிருந்து சீத்தஞ்சேரி வழியா பூண்டி. காட்டு ஓரமா போற இந்த ரோடு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அறுபதுக்கு மேல ஓட்டாதே. கண்டலேறுல இருந்து கால்வாய்ல வர்ற கிருஷ்ணா தண்ணியும் இந்தப் பூண்டியிலதான் சேருது. கொசஸ்தலை ஆத்தை மறிச்சு 1944ல கட்டின அணை. இங்க மிச்சமாகி மதகு வழியா விடுற தண்ணிதான், சனிக்கிழமை பார்த்த பாலத்தைத் தாண்டி எண்ணூர்ல கடல்ல கலக்குது. பக்கத்து அத்திரம்பாக்கத்துல ஆதிமனுஷன் செஞ்ச கற்கோடாரி கிடைச்சது. பூண்டியிலயே அதுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. திறந்திருந்தா அரை மணி நேரம்.

திரும்ப திருவள்ளூர், செங்குன்றம், மாதவரம், மூலக்கடை. களைப்பா இருந்தா பூண்டியை விட்டுட்டு ஊத்துக்கோட்டையில இருந்தே பெரியபாளையம் வழியா வீட்டுக்கு வந்துடலாம், ஆனா அது கடைசி யோசனைதான்.

மோர், புளியோதரை, தண்ணி கேன் என் பொறுப்பு. சுமதி, பசங்களுக்கு வாந்தி மாத்திரை. குமார், புதன்கிழமைக்குள்ள டயர் காத்தும் ஸ்டெப்னியும் பார்த்துட்டுச் சொல்லு, சூலூர்பேட்டைல ரூமுக்கு அன்னைக்குத்தான் பணம் கட்டப் போறேன்.

அக்கா