குறி கேட்பதும் தன்னைக் கேட்பதும்

அனைவருக்கும் வணக்கம். ஜோசியம் பொய்யா மெய்யா என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும் எனச் சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். அந்த வழக்கைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் ஒன்றுக்குப் போகிறேன். மகளின் கல்யாணம், மகனின் வேலை, தீராத கடன் என்று ஏதோ ஒன்றோடு ஒருவர் ஜோசியர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு உண்மையில் என்ன தேவை? அதைக் கொடுக்க நம்மிடம் வேறு நல்ல வழி உண்டா? உண்டு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மயிலாடுதுறையில் இருந்துகொண்டு வைத்தீஸ்வரன்கோயிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சைப் பேச முடியாது. பஸ் ஏறினால் அரை மணி. இறங்கியதுமே நாடி ஜோதிடப் பலகைகள்தான் கண்ணில் படும். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஆணுக்கு வலது கைப் பெருவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது கை. ரேகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் ஓலைக்கட்டோடு திரும்பி வருவார். ஓலையை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்பார்: "தகப்பனார் பெயர் முருகன் பெயரா? உடன்பிறந்தவர்கள் இரண்டு பேரா? படிப்பு பாதியில் நின்றதா?" ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். இல்லை என்றால் அடுத்த ஓலை. சில சமயம் கட்டு முழுவதும் தீர்ந்து, வேறு கட்டு வரும். கடைசியில் "இதோ உங்கள் ஓலை" என்று எடுத்து, உங்கள் பெயர், பெற்றோர் பெயர், வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் செய்யுள் நடையில் படிப்பார். கேட்பவர் கண் கலங்கிவிடுவார். எனக்கு மிக நெருங்கிய உறவினர் ஒருவர் அப்படிக் கலங்கியதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. தன் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் பொறுமையாகச் சொல்லக் கேட்பது நம் வீடுகளில் அரிதாகத்தான் நடக்கிறது.

ஆனால் கவனியுங்கள். அந்த அறையிலும் கேள்விகள்தான் கேட்கப்பட்டன. பதில்களும் வந்தவரிடமிருந்தே வந்தன. தகப்பனார் பெயருக்கு ஆம் சொன்னதும் அவர்தான், படிப்பு நின்றதற்கு ஆம் சொன்னதும் அவர்தான். அவர் கொடுத்ததையெல்லாம் வாங்கி, ஓலையின் வாக்காக மாற்றி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் ஓலையில் சாந்தி காண்டம் என்ற பகுதியைப் பார்க்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும் என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவர் மனத்தில் சுமந்து வந்த விஷயத்தைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார் என்று அந்த அறையில் யாருமே கேட்கவில்லை.

இப்போது அந்த வழக்கு. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். பின்பு ஒவ்வொருவருக்கும் "இது உங்களைப் பற்றிய கணிப்பு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் போனது ஒரே தாள். அதிலிருந்த வரிகளை அவர் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே கட்டுப்பாடு உள்ளவராகத் தெரிகிறீர்கள், உள்ளே கவலைப்படுகிறீர்கள் என்ற தினுசு வரிகள். இந்த அறையில் யாருக்கு அது பொருந்தாது?

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் 2008இல் மகாராஷ்டிரத்தில் ஜோசியர்களை அழைத்து அதை நடத்தினார். படிப்பில் சிறந்த பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து ஆளுக்கு 40 கொடுத்து, எது எந்த வகை என்று பிரிக்கச் சொன்னார். விடை அனுப்பியவர்கள் 27 பேர். அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டியிருந்தாலே பாதி சரியாக இருந்திருக்கும். இத்தோடு வழக்கை நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு ஜோசியரிடம் போவதை நிறுத்தியவர் யாரையும் நான் கண்டதில்லை. தேவை வேறு எங்கோ இருக்கிறது.

அந்தத் தேவை எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க அகப்பாடல்களே சாட்சி. தலைவி மெலிகிறாள், உண்ண மறுக்கிறாள். தாய் பதறிப்போய்க் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைத்து நெல் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் எனப்படும் முருகன் பூசாரியை வரவழைத்துக் கழங்குக் காய்களை வைத்துக் குறி பார்த்து, முருகன் பிடித்துவிட்டான் என்று வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துகிறாள். ஆட்டுக்குட்டி பலியாகிறது, முற்றத்தில் புது மணல் பரப்பப்படுகிறது, இத்தனையும் நடக்கிறது. உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். பெண்ணுக்கு மலைநாட்டு இளைஞன் ஒருவன் மீது காதல். கடைசியில் தோழிதான் வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையைச் சொல்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்கு இலக்கணத்தில் ஓர் இடமே கொடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வேலனுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அந்தத் தாய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மனசில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பயம். கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். வெறியாட்டு அந்தப் பொறுப்பை முருகன் மேல் போட்டுவிடுகிறது.

இன்றைக்கும் செவ்வாய் தோஷம் என்ற சொல் பல வீடுகளில் அந்த வேலையைத்தான் செய்கிறது. மகளுக்கு இந்த வரன் பிடிக்கவில்லை, அதைக் கேட்கவும் சொல்லவும் யாருக்கும் துணிவில்லை, அதனால் கட்டம் சரியில்லை. சில நேரம் அது அந்தப் பெண்ணைக் காப்பாற்றக்கூடச் செய்யும். ஆனால் பிடித்த வரனையும் அதே சொல் தட்டிவிடும்போது அவளுக்கு எதிர்த்துப் பேச இடமே இல்லாமல் போகிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

சரி, தன்னைத் தானே கேட்பது எப்படி இருக்கும்? எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். தையல் தெரிந்த ஒரு பெண், கடைத்தெருவில் வாடகைக்கு இடம் பிடித்துக் கடை போட வேண்டும் என்று நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். ஜோசியர் "ஆனி பிறக்கட்டும், தொட்டது துலங்கும்" என்று சொல்லியிருந்தார். குழுவில் மூத்த அம்மா ஒருவர் ஆனியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நகையை மீட்க முடியாமல் போனால், முதலில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் கையிலிருந்த பாஸ்புக்கை மூடினார், திறந்தார். வெகுநேரம் கழித்து, "எங்க அம்மாகிட்ட. அது அவங்க போட்ட நகை" என்றார். அம்மாவிடம் அதுவரை இதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. அடுத்த கேள்வி: "கடை இல்லாமல் இந்த வேலையில் எவ்வளவு தூரம் போக முடியும்?" அதற்கும் பதில் அவரிடமே இருந்தது. தீபாவளிக்கு முன்பு வந்த துணிகளில் பாதியைத் திருப்பி அனுப்பியது இடம் போதாமல் இல்லை, மெஷின் ஒன்றே இருந்ததால்தான். அம்மாவிடம் பேசினார், நகையைத் தொடாமல் குழுக் கடனில் இரண்டாவது மெஷின் வாங்கினார், வீட்டு வராந்தாவில் தைக்கிறார். கடை இன்னும் வரவில்லை, வரலாம். ஆனி மாதமும் வந்து போய்விட்டது.

ஜோசியர் சொன்னது அவரைக் காத்திருக்க வைத்தது. குழுவின் மூத்த அம்மா கேட்டது அவரை மறுநாள் காலை தன் தாய் வீட்டுக்கு அனுப்பியது. நல்ல கேள்விக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: அது நாளைக்கு நாம் செய்யக்கூடிய ஒன்றைக் காட்டித் தருகிறதா?

கிறிஸ்தவத்தில் குவேக்கர்கள் என்றொரு பிரிவினர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியவர்கள். முக்கியமான முடிவின் முன் தயங்கி நிற்பவர் நம்பிக்கைக்குரிய ஐந்தாறு பேரைத் தம்மோடு உட்காரச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஐந்தாறு பேருக்கும் ஒரே விதி. அறிவுரை சொல்லக் கூடாது, தம் அனுபவத்தை அவிழ்க்கக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்கலாம். அதுவும் தமக்கு விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். "உங்கள் மாமாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை, அது செல்லாது. முயன்று பாருங்கள், நம் ஊர்க்காரர்களுக்கு இது உண்ணாவிரதத்தைவிடக் கடினம்.

பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு மதிப்பு உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்கிறோம். பொட்டலத்தைப் பிரித்ததும் மனம் மலர்ந்ததா, சுருங்கியதா என்று அந்த ஒரு நொடியைக் கவனித்தவர்களுக்குத் தம் விருப்பம் தெரிந்துவிடும். பூ எதுவாக இருந்தாலும் "எனக்கு ஏன் ஏமாற்றமாக இருந்தது?" என்று தொடர்ந்து கேட்டால் அது உங்கள் சிந்தனைக்குத் தொடக்கம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் விடை நமக்குள்ளே இல்லை. மார்பில் கட்டி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், பட்டாவில் சிக்கல் என்றால் தாலுகா அலுவலகத்துக்கு. தகவல் தேவைப்படும் இடத்தில் தியானம் செய்து பயனில்லை. இன்னொன்று, "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது?" என்று இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பது சிந்தனை ஆகாது, அது தன்னைத்தானே வதைத்துக்கொள்வது. "ஏன்" வந்து நம்மைச் சுற்றிச் சுழற்றும்போது "இப்போது எதைப் பற்றிப் பயப்படுகிறேன்?", "இதில் என் கையில் இருப்பது எது?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் சீராகும்.

மீதி நேரத்தில் இதைச் செய்து பார்ப்போம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து உட்காருங்கள், நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் இந்த மாதம் எடுக்க வேண்டிய ஒரு முடிவை ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதே போதும். மற்ற இருவரும் பதினைந்து நிமிடம் கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வராமல் அமைதி விழுந்தால் அதை நிரப்ப அவசரப்பட வேண்டாம். "நானாக இருந்தால்" என்று யாராவது தொடங்கினால் மற்றவர் கையைத் தூக்கி நிறுத்திவிடுங்கள். இங்கே பேசியது இந்த அறையைத் தாண்டிப் போகக் கூடாது. தேநீர் ஐந்தரைக்கு வரும், அதுவரை நேரம் இருக்கிறது. ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் தொடங்கலாம்.