உயர்ந்த மதிலுக்கு உயரமே எதிரியான கதை

சரி, எல்லாரும் கரும்பலகையைப் பாருங்கள். இது கான்ஸ்டான்டிநோபிள், அதாவது இன்றைய இஸ்தான்புல் நகரின் உள்மதில். உயரம் சுமார் 12 மீட்டர், தடிமன் 5 மீட்டர். முன்னால் இன்னொரு மதில், அதற்கும் முன்னால் அகழி. ஏணி போட்டு ஏற வருகிறவனைத் தடுக்கத்தான் இவ்வளவு உயரம். ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தரைப்பக்க மதிலை யாராலும் உடைத்து நுழைய முடியவில்லை.

1453 ஏப்ரலில் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் இரண்டாம் மெகமது பீரங்கிகளோடு வந்தார். பெரிய பீரங்கியை வார்த்தவர் ஓர்பான் என்ற ஹங்கேரியர். அவர் முதலில் வேலை கேட்டுப் போனது நகரத்துப் பேரரசரிடம்! கேட்ட சம்பளத்தைக் கொடுக்க அங்கே காசில்லை. பீரங்கியின் நீளம் சுமார் 8 மீட்டர்; குண்டு அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கல். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறைதான் சுட முடியும்.

அதுவே போதுமானதாக இருந்தது. ஏன்? மதிலின் அடிப்பகுதி நொறுங்கினால் மேலே இருக்கும் கல்லின் எடையே மிச்சத்தைச் சாய்த்துவிடும். சரிந்த கல்லெல்லாம் அகழியில் விழுந்து, எதிரி ஏறி வரச் சரிவுப்பாதை ஆகிவிடும். மதில் எவ்வளவு உயரமோ, அவ்வளவு கல். மேலே பீரங்கி வைத்துத் திருப்பிச் சுடலாமே என்கிறீர்களா? சுட்டார்கள். அந்த அதிர்ச்சியில் அவர்கள் மதிலே ஆட்டம் கண்டது.

உடைந்த இடத்தை நகரத்தார் இரவோடு இரவாக மண், மரக்கட்டை, பீப்பாய் கொண்டு அடைத்தார்கள். அவசரத்துக்குப் போட்ட அந்த மண் குண்டை நன்றாகவே தாங்கியது. கல் விரிசல் விடும். மண் குண்டை விழுங்கிவிடும். ஆனாலும் மே 29 அன்று நகரம் வீழ்ந்தது.

அப்புறம் 1494-ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் புகுந்தார். இவரிடம் இருந்தவை குதிரை இழுக்கும் வெண்கலப் பீரங்கிகள், இரும்புக் குண்டுகள். அதே அளவுக் கல்லைவிட இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. அதனால் சிறிய பீரங்கியே போதும், படையோடு கூடவே வரும். என்னைக் கேட்டால், ஓர்பானின் பூதத்தைவிட இதுதான் பெரிய மாற்றம்.

இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தி, அகலமாக்கி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள். வட்டக் கோபுரத்துக்குப் பதிலாக, வெளியே கூராக நீளும் கொத்தளம் வந்தது. வட்டக் கோபுரத்தின் முன்னால் பக்கத்துக் கோபுரக் குண்டு படாத ஒரு மூலை இருக்கும். எதிரி அங்கே ஒளிந்துகொள்வான். கூரான வடிவத்தில் அந்த மூலை கிடையாது. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய ஐங்கோணக் கோட்டையும் இந்த வகைதான்.

நோட்டை எடுங்கள். ஓர் ஐங்கோணம் வரைந்து, மூலைக்கொரு கொத்தளம் போடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்துக் கொத்தளத்தின் முகத்துக்கு ஸ்கேலால் கோடு இழுங்கள். கோடு படாத இடம் இருந்தால் வட்டமிட்டு என்னிடம் காட்டுங்கள்.