வேலைக்கு ஆள் தேவை: திங்கள்நகர் கிரில் ஒர்க்ஷாப்பில் ஒரு வெல்டர், ஒரு ஹெல்பர்

கேட், ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டை மாடியில் ஷீட் கூரை: இவைதான் எங்கள் ஒர்க்ஷாப்பின் வேலை. என்னையும் சேர்த்து இப்போது நான்கு பேர் இருக்கிறோம். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

சம்பளம் முதலில். வெல்டருக்கு நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய், ஹெல்பருக்கு 650. சனிக்கிழமை சாயங்காலம் அந்த வாரக் கணக்கு முழுவதும் கைக்கு வந்துவிடும். நான் வேலை பழகிய இடத்தில் என் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கடைசிவரை அதைத் தரவே இல்லை. இங்கே யாருடைய காசும் ஒரு நாள்கூட நிற்காது.

ஆனால் 1,000 ரூபாயை அப்படியே 26 நாளால் பெருக்கிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வெளிவேலை அடிக்கடி நின்றுபோகும். நல்ல மாதத்தில் வெல்டருக்கு 25,000 வரை வரும். மழை மாதத்தில் 20,000, சில நேரம் அதற்கும் கீழே. மழையன்று கடைக்குள் வேலை இருந்தால் முழுச் சம்பளம். நீங்கள் வந்தும் வேலை இல்லையென்றால் பாதிச் சம்பளம் உண்டு.

நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. அதற்கு மேல் நின்றால் மணிக்கு வெல்டருக்கு 250, ஹெல்பருக்கு 165. ஞாயிறு லீவு. குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வேலை என்றால் நம் குட்டியானையில் போவோம். வண்டியில் போகும் நேரமும் வேலை நேரம்தான். வெளிவேலை நாளில் மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

அப்புறம், வேலை. போன முறை "தகுதிக்கேற்ற சம்பளம், வெல்டர் தேவை" என்று மட்டும் எழுதிப் போட்டேன். வந்து சேர்ந்த தம்பி மூன்றாம் நாள் இரண்டாம் மாடியில் ட்ரஸ் மேல் ஏற வேண்டியிருந்தது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவர் சொன்னது நியாயம். அதனால் இப்போதே சொல்கிறேன்: வாரத்தில் இரண்டு நாளாவது உயரத்தில், வெயிலில் வேலை இருக்கும். பெல்ட்டும் ஹெல்மெட்டும் தருவேன். பெல்ட் மாட்டாமல் யாரையும் ஏற விடமாட்டேன். உயரம் பயம் என்றால் இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது.

ஹெல்பர் வேலையைச் சும்மா எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம். பைப் அறுப்பது, பற்று வைத்த இடத்தில் சிலாக் தட்டி எடுப்பது, கிரைண்டிங், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பது எல்லாம் ஹெல்பர் கையில். கடலோர வீட்டுக் கேட்டில் பற்றுக்குப் பின்பக்கம் பிரைமர் படாமல் விட்டுப்போனால், உப்புக்காற்றில் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். அந்தப் பின்பக்கத்தைக் குனிந்து பார்க்கிற ஆள் எனக்கு வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. மாலை நேரத்தில் வெல்டிங் கற்றுத் தருவேன். ஆறு மாதம் கழித்து பற்று வைக்கக் கை பழகியிருந்தால் 750 ரூபாய்.

வெல்டருக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு இன்ச் சதுர பைப், 16 கேஜ், 2.5 எம்.எம். ராடு. ஓட்டை விழாமல் ஒரு டி ஜாயிண்ட் போட்டுக் காட்ட வேண்டும். ஐடிஐ சான்றிதழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சேர்ந்தால் முதல் மூன்று நாள் இருவருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பிடிக்காமல் போனாலும் அந்த மூன்று நாளுக்கும் முழுச் சம்பளம்.

ஜி.ஐ. பைப் புகை நெஞ்சுக்கு ஆகாது, குளிர்காய்ச்சல்கூட வரும். அதனால் அதை வெளி முற்றத்தில் வைத்து, துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு, மாஸ்க் போட்டுத்தான் செய்வோம். வேலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. வேலைக்கு வர முடியாத நாளுக்கு, இரண்டு வாரம் வரை பாதிச் சம்பளம். ஆள் குறைவு என்பதால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் இல்லை. வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமரின் விபத்து காப்பீட்டில் எல்லோரையும் சேர்த்திருக்கிறேன். அதில் 2 லட்சம் வரை கிடைக்கும்.

சேரும்போது அட்வான்ஸ் கிடையாது. மூன்று மாதம் கழித்து அவசரத்துக்கு 5,000 வரை தருவேன், வாரம் 500 வீதம் கழியும்.

18 வயது நிறைந்த யாரும் வரலாம். திங்கள்நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரணியல் ரோட்டில் ஐந்து நிமிடம் நடந்தால் இடது பக்கம் நீல ஷீட் போட்ட கடை. இந்த மாதம் 25-ஆம் தேதி வரை, திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். ஆதார் நகல் ஒன்று போதும். வெல்டர்கள் சோதனைக்கு ஷூவும் முழுக்கைச் சட்டையும் போட்டு வாருங்கள். பாலியஸ்டர் வேண்டாம், பருத்திச் சட்டையாக இருக்கட்டும்.