மீன், இறைச்சி ஒட்டுண்ணிகள்: எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம்?

"ஃப்ரீசரில் இருந்த மீன்தான்" என்று சொன்னால் மட்டும் ஒட்டுண்ணி செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், அந்தக் குளிர் துண்டின் நடுப்பகுதி வரை போனதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தில் லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைச் சமைக்காமலே சாப்பிடுவார்கள். அப்படிச் சாப்பிட்டுக் கடும் வயிற்றுவலியில் விழுந்தவர்களின் குடலில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணியின் இளம்புழு இருந்ததை 1960இல் ஆய்வாளர் வான் தீல் குழுவினர் அறிவித்தனர். பிடித்த உடனே குடலை நீக்காமல் மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தால், புழு குடலிலிருந்து சதைக்குள் நகர வாய்ப்பு உண்டு. 1968இல் ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உறையவைப்பது அங்கே சட்டமானது. நோயும் வெகுவாகக் குறைந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்றும் அதே அளவையே கேட்கிறது. மைனஸ் 35 என்றால் 15 மணி நேரம் போதும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோ மைனஸ் 20இல் 7 நாள் என்கிறது. இது முரண்பாடு போலத் தோன்றும், ஆனால் அளக்கும் இடம் வேறு. ஐரோப்பிய விதி மீனின் எல்லாப் பகுதியும் அந்தக் குளிரை அடைந்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க விதி ஃப்ரீசருக்குள் இருக்கும் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. மீன் உறைய எடுக்கும் நேரமும் அந்த 7 நாளில் அடக்கம். 15 செ.மீ.க்கு மேல் தடிமனான மீனுக்கு அதுவும் போதாமல் போகலாம். கதவை அடிக்கடி திறக்கும் வீட்டு ஃப்ரீசரை இதற்கு நம்பக்கூடாது என்பது எங்கள் கருத்து.

எலுமிச்சைச் சாறு, வினிகர், லேசான உப்பு, சூடில்லாத புகையில் பதப்படுத்துவது எதுவும் புழுவைக் கொல்ல உதவாது. சமைப்பதானால் நடுப்பகுதி 60 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சுடாது. பல இடங்களில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பது நல்லது.

இறைச்சிக்கு மீன் கணக்கு பொருந்தாது. பன்றியிறைச்சியில் வரும் ட்ரிக்கினெல்லா என்ற உருளைப்புழுவை அழிக்க, 15 செ.மீ. வரை தடிமனுள்ள துண்டை மைனஸ் 15இல் 20 நாள் வைக்க வேண்டும். மைனஸ் 29 என்றால் 6 நாள். ஆனால் துருவக் கரடி, வால்ரஸ் போன்றவற்றில் காணப்படும் ட்ரிக்கினெல்லா நேட்டிவா உறைபனியையே தாங்கும் இனம். அந்த இறைச்சிக்கு 71 டிகிரி வரை வேகவைப்பதே வழி.

பன்றி நாடாப்புழு விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. வேகாத இறைச்சியிலுள்ள, இளம்புழு அடங்கிய கட்டியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் அந்தப் புழுக்கட்டி வருவதோ மனித மலத்திலிருந்து உணவிலும் தண்ணீரிலும் கலக்கும் புழு முட்டையால். ஆகவே சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்கும் அது வரலாம். ஃப்ரீசர் அங்கே காப்பாற்றாது. கை கழுவுவதும் கழிப்பறை வசதியும்தான் காக்கும்.

அப்புறம், அனிசாகிஸ் செத்தாலும் அதன் சில ஒவ்வாமைப் புரதங்கள் சூட்டையும் குளிரையும் தாங்கும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் உறையவைத்த மீன் என்பதை மட்டும் நம்பி அதைச் சாப்பிடக்கூடாது. புழு தெரியும் சதையை வெட்டி எறிவதையும் சமையலறை விடக்கூடாது.