குறுந்தொகை 3: படிமமும் கட்டமைப்பும்
இளங்கலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு – ஒப்படைப்பு, மதுரை

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே. (தேவகுலத்தார்)

வினா 1: பாடலின் எழுவாய் எங்கே வருகிறது? அதனால் என்ன விளைகிறது?

கடைசிச் சொல்லில்தான் வருகிறது. பெரியது, உயர்ந்தது, அளக்க முடியாதது என்று மூன்று தீர்ப்புகளைக் கேட்டுவிட்டோம்; எது என்று இன்னும் தெரியவில்லை. 'நட்பே' என்று வந்ததும் மூன்றும் அதன்மேல் போய் விழுகின்றன. முதலிலேயே நட்பைச் சொல்லியிருந்தால் இது வெறும் பாராட்டாக நின்றிருக்கும்.

வினா 2: படிமங்கள் எந்த வரிசையில் நகர்கின்றன?

நிலம், வானம், கடல்நீர். இவற்றில் நிறமோ மணமோ இல்லை, அளவு மட்டுமே இருக்கிறது. இரண்டாம் அடியில் 'ஆரளவின்றே' என்று வாக்கியம் முடிந்த பிறகும் அடி முடியவில்லை. 'சாரல்' என்ற ஒரு சீர் மிச்சம் நிற்கிறது. பாடல் திரும்பும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். உலகளவில் இருந்த பார்வை ஒரே சீரில் மலைச்சரிவுக்கு இறங்கி, அடுத்த அடியில் ஒரு செடியின் தண்டுவரை போய்விடுகிறது.

2018இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது வத்தலக்குண்டு வழியாக எங்கள் ஊர்க்காரர்கள் வேன் பிடித்துப் போனது அந்த நீலத்தைப் பார்க்கத்தான். தேவகுலத்தார் நீலத்தைச் சொல்லவே இல்லை. 'கருங்கோல்' என்று தண்டின் கருமையைச் சொல்கிறார். பூவைப் பற்றி அவருக்கு வேண்டியது அதில் ஊறும் தேன் மட்டும். சிறு பூக்களிலிருந்து 'பெருந்தேன்' சேர்கிறது. முதல் அடியின் 'பெரிதே' இங்கே கைக்கு எட்டுகிற பொருளாகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதால் இந்தக் காதலும் அரியது என்று சிலர் விளக்குவார்கள். பாடலில் அதற்குச் சான்று இல்லை, அதனால் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

வினா 3: யாப்பு பொருளுக்கு எப்படித் துணை செய்கிறது?

நேரிசை ஆசிரியப்பா என்பதால் ஈற்றயலடி முச்சீராக வருகிறது. அந்தக் குறைந்த அடியில் இருப்பது குறிஞ்சிப்பூ. விதிப்படி வந்ததுதான், ஆனால் வாய்விட்டுப் படித்தால் 'பூக்கொண்டு' என்ற இடத்தில் குரல் தானாக நின்று, அப்புறம்தான் தேனுக்குப் போகிறது.

வினா 4: கூற்றுச் சூழலோடு பொருத்திக் காட்டுக.

தோழி தலைவனின் குணத்தைப் பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். பழிக்கு மறுமொழி என்பதால்தான் முன்னுரை எதுவும் இல்லாமல் 'பெரிதே' என்று எடுத்த எடுப்பில் தொடங்குகிறாள். தோழி சொன்ன குறைகள் ஒன்றுக்கும் அவள் பதில் சொல்வதில்லை. அவன் நல்லவன் என்றுகூடச் சொல்லவில்லை. அவனைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவனுடைய மலையில் தேன் இருக்கிறது என்பதுதான். வேலிக்கு அப்பால் தலைவனும் கேட்டு நிற்கிறான் என்கிறது துறைக்குறிப்பு. 'நாடன்' என்ற சொல் அவன் காதில் விழும்போது, இவ்வளவு பெரிய நட்பை வைத்துக்கொண்டு இன்னும் ஏன் மணம் பேச வரவில்லை என்ற கேள்வியும் சேர்ந்தே விழும்.